வரவேற்பு முடிவதற்குள் போனை வைத்துவிடுகிறவர்கள்

"மெனுவில் ஏழு ஆப்ஷன் இருக்கு சார், அதனாலதான் ஜனங்க கட் பண்ணிடறாங்க. அஞ்சாக் குறைச்சிடுங்க." சிறு நிறுவனங்களுக்குத் தொலைபேசி இணைப்புகள் அமைத்துக் கொடுக்கும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் வசனம் இது. அந்த எண்ணுக்கு நானே அழைத்துப் பார்ப்பேன். முதல் ஆப்ஷன் காதில் விழுவதற்கே அரை நிமிடம் ஆகும். போனை வைத்துவிட்டவர்களில் பலர் ஏழு ஆப்ஷன்களில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். மெனு பாவம், பழியை மட்டும் சுமக்கிறது.

நாம் அழைக்கும்போது ஒரு பதிவுக் குரல் எடுத்து, "இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும்" என்று சொல்லும் ஏற்பாட்டுக்கு ஐ.வி.ஆர். என்று பெயர். அதில் மெனுவுக்கு முன்னால் வரும் பேச்சு முழுவதையும் இங்கே "வரவேற்பு" என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை அந்த வரவேற்பைப் பற்றியது மட்டும்தான். மெனுவை எப்படி வகுப்பது என்பது தனிக் கதை.

ஓட்டலில் சப்ளையர் ஒப்பிக்கும்போது

மெனு கார்டு இல்லாத ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சப்ளையர் வந்து, "இட்லி, பொங்கல், வடை, பூரி, தோசை..." என்று ஒப்பிக்கிறார். "பொங்கல்" என்று அவர் சொன்னதும் நீங்கள் கையைக் காட்டி, "ஒரு பொங்கல், ஒரு வடை" என்கிறீர்கள். அவரும் அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே போகிறார். பூரியையும் தோசையையும் நீங்கள் கேட்கவே இல்லை, கேட்கத் தேவையும் இல்லை.

இப்போது அதே சப்ளையர் வேறு மாதிரி தொடங்குகிறார் என்று வையுங்கள். "எங்கள் ஓட்டலைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுவையான உணவு வழங்கி வருகிறோம். உணவு வகைகள் அண்மையில் மாற்றப்பட்டுள்ளன, கவனமாகக் கேட்கவும்..." நீங்கள் "பொங்கல்" என்று குறுக்கிட்டாலும் அவர் காதில் வாங்காமல் முழுப் பேச்சையும் முடித்த பிறகுதான் உங்களைப் பார்க்கிறார். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவீர்கள்.

இந்த உதாரணத்தில் இரண்டு கோளாறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தேவையில்லாததை முதலில் சொல்வது ஒன்று. சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்வது மற்றது. பெரும்பாலான ஐ.வி.ஆர்.களில் இரண்டுமே உண்டு. சரிசெய்யும் வழிகள் வேறு என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தாவத் தெரியும், காதுக்குத் தெரியாது

ஒரு நோட்டீஸைக் கையில் வாங்கினால் மேலே இருக்கும் "அன்புடையீர்" பகுதியை யாரும் படிப்பதில்லை. கண் நேராகத் தேதிக்கும் இடத்துக்கும் போய்விடும். முன்னுரை நான்கு வரி நீண்டாலும் படிப்பவருக்கு நஷ்டம் இல்லை.

குரலில் இந்த வசதி கிடையாது. ஒரு சொல் முடிந்த பிறகுதான் அடுத்த சொல் வரும். அந்த வேகத்தை முடிவு செய்வது கேட்பவர் அல்ல, பதிவு செய்தவர். போதாக்குறைக்கு, அழைப்பவரால் ஓய்வாகவும் கேட்க முடியாது. தனக்கு வேண்டியது எந்த நொடியில் வரும் என்று அவருக்குத் தெரியாததால், ஒவ்வொரு வாக்கியத்தையும் "இது எனக்கா?" என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பேருந்து நிலையத்தில் தன் ஊர்ப் பெயருக்காக அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்கிறவர் நிலைதான். ஐந்து வாக்கியங்கள் வரிசையாக "இல்லை, இல்லை" என்றே போனால், ஆறாவது வாக்கியத்தில் அவருக்கு வேண்டியது வந்தாலும் அப்போது கவனம் வேறெங்கோ போயிருக்கும். "என்ன நம்பர் சொன்னான்?" என்று மறுபடி கேட்க வேண்டிய நிலை வருவதும் இதனால்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பது, தெரிந்து காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும். வேலை தொடங்கும் முன் காத்திருப்பது, தொடங்கிய பின் காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும். வரவேற்பில் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. நீங்கள் உங்கள் பிரச்சினையை இன்னும் சொல்லவே தொடங்கவில்லை. எப்போது சொல்ல விடுவார்கள் என்பதும் தெரியாது. ஒரு எண்ணை அழுத்தி, "ரிப்போர்ட் பிரிவுக்கு இணைக்கிறோம்" என்று கேட்டுவிட்ட ஆள் அதன்பின் ஒரு நிமிடம்கூடப் பொறுத்திருப்பார். அதே ஆள் அதற்கு முன் அரை நிமிடம் பொறுக்க மாட்டார். பொறுமை இல்லாத ஜனங்கள் என்று திட்டுவதற்கு முன் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: குரலைத் தாவிப் படிக்க முடியாது. அதனால் வரவேற்பின் ஒவ்வொரு நொடியையும், அது தேவைப்படாதவர் உட்பட, அழைக்கும் எல்லோரும் முழுதாகக் கேட்டே ஆக வேண்டும். அதுவும் காத்திருப்பு மிக நீளமாகத் தோன்றும் கட்டத்தில்.

முதலாளிக்கு ஏன் தெரிவதில்லை

இவ்வளவு பேர் வைத்துவிடுகிறார்கள் என்றால் நிறுவனத்துக்குத் தெரியாதா? தெரியாது. அதற்குக் காரணம் வேடிக்கையானது.

மனிதர் எடுக்கும் தொலைபேசியில் மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் அது "மிஸ்டு கால்". கணக்கில் வந்துவிடும். ஐ.வி.ஆர். இருந்தால் இயந்திரம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறது. தொலைபேசி அமைப்பைப் பொறுத்தவரை அழைப்பு "எடுக்கப்பட்டது". பத்தாவது நொடியில் அழைத்தவர் வெறுத்துப்போய் வைத்தாலும், மாதக் கடைசி அறிக்கையில் அது வெற்றிகரமாக எடுக்கப்பட்ட அழைப்புகளோடுதான் சேரும். ஒருவரோடும் பேசாத அழைப்புகளையும் சேர்த்து "நூற்றுக்கு நூறு எடுத்திருக்கிறோம்" என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்ணாக இருந்தால், அழைத்தவர் வரவேற்பைக் கேட்ட நேரத்துக்கும் நிறுவனமே பணம் கட்டுகிறது.

உண்மையைப் பார்க்க அழைப்புப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்பும் எப்போது வந்தது, எடுத்தபின் எத்தனை நொடி நீடித்தது, கடைசியாக என்ன நடந்துகொண்டிருந்தது என்று தொலைபேசி அமைப்பு தானாக எழுதி வைக்கும் வரிசைதான் அது. ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1999-இல் தொடங்கியது, சிறு நிறுவனங்களில் பரவலாக ஓடுவது. அதன் பதிவேட்டில் `billsec` என்ற பத்தி எடுத்தபின் ஆன நொடிகளைச் சொல்லும். `lastapp` என்ற பத்தி கடைசியாக ஓடிக்கொண்டிருந்த வேலையைச் சொல்லும்.

அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும். வைத்த நேரத்தில் பதிவுக் குரல் ஓடிக்கொண்டிருந்தது, நொடிகளும் வரவேற்பின் நீளத்தைவிடக் குறைவு என்றால், அவரை விரட்டியது வரவேற்பு. பேச்செல்லாம் முடிந்து, இயந்திரம் எண்ணுக்காகக் காத்திருந்த கட்டத்தில் வைத்திருந்தால் கதை வேறு. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். தனக்கானது எது என்று புரியவில்லை, அல்லது கீபேடைத் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மெனுவைத் திருத்த வேண்டியது இரண்டாவது ரகத்தினருக்காக. முதல் ரகத்தினருக்காக மெனுவைக் குறைத்தால் ஒரு மாற்றமும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. மூன்று நான்கு நொடிக்குள் வைத்தவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களில் தவறான எண்ணை அழைத்தவர்களும், கம்ப்யூட்டர் குரல் என்று தெரிந்ததுமே வைக்கிறவர்களும் இருப்பார்கள். எந்த வரவேற்பாலும் அவர்களைப் பிடித்து வைக்க முடியாது.

ஒரு வரவேற்பை அறுத்துப் பார்ப்போம்

கீழே இருப்பது ஒரு ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தின் வரவேற்பு. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துடையது அல்ல. நான் பார்த்த பலவற்றில் இருந்து வாக்கியங்களைச் சேர்த்து அமைத்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்.

"வணக்கம். எங்கள் ஆய்வகத்தைத் தொடர்புகொண்டமைக்கு மிக்க நன்றி. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக உங்கள் நம்பிக்கைக்குரிய ஆய்வகமாகச் சேவையாற்றி வருவதில் பெருமிதம் கொள்கிறோம். தரத்தை மேம்படுத்தவும் பயிற்சிக்காகவும் உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படலாம். எங்கள் பட்டியல் அண்மையில் மாற்றப்பட்டிருப்பதால் கவனமாகக் கேட்கவும். மேலும் விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தைப் பார்வையிடவும்."

இது எத்தனை நொடி ஓடும்? பதிவு செய்வதற்கு முன்பே தாளில் கணக்கிட ஒரு வழி உண்டு. சொற்களை எண்ணுவது தமிழுக்குச் சரிவராது. "மாற்றப்பட்டிருப்பதால்" என்பதும் ஒரு சொல்தான், "மிக்க" என்பதும் ஒரு சொல்தான். அதற்குப் பதிலாகப் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். "வணக்கம்" என்பதில் வ, ண, க என்று மூன்று. கட்டளைக் கலித்துறை எழுதிய புலவர்களும் அடிக்கு இத்தனை எழுத்து என்று புள்ளி எழுத்துகளை நீக்கித்தான் எண்ணினார்கள். வாய்க்கு நேரம் எடுப்பது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நிதானமான அறிவிப்புக் குரலில் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து எழுத்து என்பது என் கைக்கணக்கு. வாக்கிய இடைவெளிக்கு அரை நொடி சேர்த்துக்கொள்ளலாம்.

மேலே உள்ள வரவேற்பில் 132 எழுத்துகள் வருகின்றன. ஐந்தால் வகுத்தால் 26 நொடிக்கு மேல். இடைவெளிகளையும் சேர்த்தால் 29 நொடி. ஒரு நாளைக்கு நூறு பேர் அழைக்கிறார்கள் என்றால், மெனு தொடங்கும் முன்பே மொத்தம் 48 நிமிடம் கரைகிறது. இனி வாக்கியம் வாக்கியமாகக் கேட்போம்: அழைத்தவர் இதைக் கேட்டு என்ன செய்வார்?

நன்றி சொல்லும் வாக்கியத்தில் அவருக்கு உதவுவது ஒன்றுதான்: சரியான இடத்துக்குத்தான் அழைத்திருக்கிறோமா என்ற உறுதி. அதற்கு ஆய்வகத்தின் பெயர் போதும். மேலே உள்ள வரவேற்பில் பெயரே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? "எங்கள்" என்று மட்டும் இருக்கிறது. இது நான் அடிக்கடி பார்ப்பது.

இருபத்தைந்து ஆண்டுப் பெருமைக்கு 41 எழுத்து, எட்டு நொடி. இது இன்னும் முடிவு செய்யாத வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய செய்தி. போன் செய்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். பெரும்பாலும் ரத்தமும் கொடுத்துவிட்டார்.

"பட்டியல் மாற்றப்பட்டிருப்பதால்" என்பது எல்லோரும் எல்லோரிடமிருந்தும் பார்த்து எழுதிய வாக்கியம். எண்களை மனப்பாடம் செய்துவைத்து, கேட்காமலே அழுத்துகிற வாடிக்கையாளருக்கான எச்சரிக்கை அது. தினமும் அழைக்கும் டீலர்கள் இருக்கும் நிறுவனத்தில், எண்கள் மாறிய முதல் இரண்டு வாரத்துக்கு அதில் அர்த்தம் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுப்பவர் எதை மனப்பாடம் செய்யப் போகிறார்? மூன்று வருஷமாக "அண்மையில்" மாறிய பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன்.

இணையதளத்தைப் பார்க்கச் சொல்வது, வாசலுக்கு வந்தவரிடம் முகவரி அட்டையைக் கொடுப்பது போல. பலர் தொலைபேசி எண்ணையே அந்தத் தளத்தில் இருந்துதான் எடுத்திருப்பார்கள்.

பதிவு செய்யப்படலாம் என்ற அறிவிப்பு மட்டும் வேறு ரகம். சில இடங்களில் சட்டப்படி அதைச் சொல்லியாக வேண்டும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது. ஆனால் பதிவு எப்போது தொடங்குகிறது? பெரும்பாலும் மனிதரோடு பேசத் தொடங்கும்போதுதான். ஆகவே அறிவிப்பை அங்கே, இணைப்பதற்குச் சற்று முன் வைக்கலாம்: "இந்த உரையாடல் பதிவாகும்." எண்ணை அழுத்திவிட்டவர் அதைக் கேட்பார், போனை வைக்க மாட்டார். உங்கள் அமைப்பு முதல் நொடியிலிருந்தே பதிவு செய்கிறதா என்று மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இடம் மாற்றும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

மிச்சம் இருப்பது

வெட்டியது போக வரவேற்பும் மெனுவும் சேர்ந்து இப்படி ஆகும்:

"வணக்கம், (ஆய்வகத்தின் பெயர்). ரிப்போர்ட்டுக்கு ஒன்றை அழுத்துங்கள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்க, இரண்டு. மற்றவற்றுக்கு, மூன்று."

பெயர் ஐந்து எழுத்து என்று வைத்தால் மொத்தம் 38 எழுத்து. இடைவெளிகளோடு பத்து நொடிக்குள் முடியும். ரிப்போர்ட்டுக்காக அழைத்தவருக்கு அவருடைய எண் நான்காவது நொடி வாக்கில் கிடைத்துவிடுகிறது. ஆய்வகத்துக்கு வரும் அழைப்புகளில் "ரிப்போர்ட் ரெடியா?" என்பதுதான் அதிகம் என்று பதிவேடு சொன்னால், அதுதான் முதலில் நிற்க வேண்டும். விளம்பரப் பிரிவு வீட்டுச் சேவையை முதலில் வைக்கச் சொன்னாலும் சரி.

"வணக்கம்" இருக்கட்டும். அது முக்கால் நொடிகூட ஆகாது. அது இல்லாமல் தொடங்கினால் நம் ஊரில் மொட்டையாகத் தெரியும். தவிர, போனைக் காதுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் முதல் சொல் பலருக்குத் தவறிவிடும். தவறினாலும் பரவாயில்லாத சொல் முதலில் இருப்பது நல்லதுதான்.

மெனு வாக்கியத்தின் சொல்வரிசையைக் கவனியுங்கள். வேலை முதலில், எண் கடைசியில். "எண் ஒன்றை அழுத்தினால் ரிப்போர்ட் கிடைக்கும்" என்று திருப்பிப் போட்டால், கேட்பவர் ஒன்றை முதலில் மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு அது எதற்கு என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் இதே பாடு. வேலை முதலில் வந்தால் தனக்கு வேண்டாததைக் காற்றில் விட்டுவிட்டு, தன்னுடையது வந்ததும் அடுத்து வரும் எண்ணை மட்டும் பிடித்தால் போதும். "அழுத்துங்கள்" ஒரு முறை வந்தால் போதும், மற்ற இடங்களில் தானே புரியும்.

சொற்களும் பேச்சு வழக்கில் இருக்கட்டும். "பரிசோதனை அறிக்கையைப் பெற எண் ஒன்றை அழுத்தவும்" என்பதில் 18 எழுத்து. "ரிப்போர்ட்டுக்கு ஒன்று" என்பதில் ஆறு. நீளத்தை விடுங்கள், அழைப்பவர் மனத்தில் "ரிப்போர்ட்" என்று நினைத்துக்கொண்டு வருகிறார். அதே சொல் காதில் விழுந்தால் மொழிபெயர்க்கும் வேலை இல்லை.

இதுவரை பார்த்தது: பெயர், பிறகு நேராக அதிகம் கேட்கப்படும் வேலை, அதன் எண். மற்றவை ஒன்று நீங்கும், அல்லது எண்ணை அழுத்திய பிறகான இடத்துக்கு நகரும்.

காதைத் திறந்து வைப்பது

இனி இரண்டாவது கோளாறு, பேசும்போது கேட்காத சப்ளையர்.

நீங்கள் கீபேடில் ஒரு எண்ணை அழுத்தினால் இரண்டு ஒலிகள் சேர்ந்த ஒரு தொனி பிறக்கிறது. ஒன்றாம் எண்ணுக்கு 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும். அமெரிக்காவில் 1963-இல் பொத்தான் தொலைபேசியோடு வந்த முறை, இன்றும் அதே ஜோடிதான். மறுமுனை இயந்திரம் இந்த ஜோடியை வைத்து எண்ணைக் கண்டுகொள்கிறது. ஆனால் எப்போது கவனிக்க வேண்டும் என்று அதற்கு நாம் சொல்ல வேண்டும். பதிவு ஓடும்போதே எண்ணை ஏற்றுக்கொண்டு பேச்சை நிறுத்துவதற்குக் "குறுக்கீடு" என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஆஸ்டரிஸ்கில் இது ஒரு சொல் வித்தியாசம். `Playback` என்று எழுதினால் ஒலிக்கோப்பு முழுதாக ஓடி முடியும், இடையில் அழுத்திய எண்ணால் அது நிற்காது. `Background` என்று எழுதினால் பேசிக்கொண்டே கேட்கும்.

```
exten => s,1,Answer()
 same => n,Wait(0.5)
 same => n,Background(varaverpu)
 same => n,WaitExten(8)
```

நான் பார்த்த பல அமைப்புகளில் மெனுவுக்கு `Background`, வரவேற்புக்கு மட்டும் `Playback` இருக்கும். "எல்லாரும் முழுசாக் கேட்கட்டும்" என்று யாரோ ஒருவர் யோசித்திருப்பார். வழக்கமாக அழைப்பவர், எண் தெரிந்தவர், மூன்று முறை ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வைத்துவிடுவார். அதிகம் அழைப்பவரைத்தான் இது முதலில் தண்டிக்கிறது. உங்கள் எண்ணில் சோதிக்க ஒரு நிமிடம் போதும்: அழைத்து, வரவேற்பின் நடுவில் ஒன்றை அழுத்துங்கள். பேச்சு உடனே நிற்க வேண்டும்.

நின்றும் சில நொடி அமைதி நீடித்தால் வேறொரு சிக்கல். மெனுவில் 1 இருக்கிறது, ஊழியரின் நேரடி எண்ணாக 101-உம் அதே இடத்தில் இருக்கிறது என்று வைப்போம். நீங்கள் 1 அழுத்தியதும், அடுத்து 0 வருமோ என்று இயந்திரம் காத்திருக்கும். அழைத்தவருக்கு அது செத்துப்போன லைன் போலத் தோன்றும். நேரடி எண்களை 2-இலோ 3-இலோ தொடங்கினாலும் இதே தொல்லைதான். மெனுவில் இல்லாத 7 போன்ற இலக்கத்தில் தொடங்கினால் தீரும்.

சுருக்கும்போது செய்யக்கூடாதவை

சிலர் வாக்கியங்களை வெட்ட மனமில்லாமல், அதே பேச்சை வேகமாகப் பேசிப் பதிவு செய்கிறார்கள். சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். உயர்ந்த ஒலிகள் உதிர்ந்துவிடுவதால் ஸ, ஃப போன்றவை ஏற்கெனவே மங்கலாகத்தான் கேட்கும். அதில் வேகமும் சேர்ந்தால் வயதானவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. வாக்கியங்களைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

இன்னும் சிலர் பேச்சோடு சேர்த்துக் காத்திருப்பு நேரத்தையும் வெட்டிவிடுகிறார்கள். இன்றைய போனில் எண்ணை அழுத்த வேண்டுமென்றால் காதிலிருந்து எடுத்து, திரையை எழுப்பி, கீபேடைத் திறந்து, எண்ணைத் தேட வேண்டும். மேலே `WaitExten(8)` என்று எட்டு நொடி விட்டிருப்பது அதற்காக. அதை மூன்றாகக் குறைத்தால் பதிவேட்டில் இரண்டாவது ரகத்தினர் பெருகுவதைப் பார்க்கலாம். வரவேற்பில் மிச்சம் பிடித்த நொடிகளில் ஐந்தை இங்கே தாராளமாகச் செலவழிக்கலாம்.

இதையெல்லாம் விளக்கி முடித்ததும் முதலாளிகள் தவறாமல் கேட்பது, "அப்ப அந்த இருபத்தஞ்சு வருஷம்?" என்பதுதான். மூன்றை அழுத்திவிட்டு ஊழியருக்காகக் காத்திருக்கிறவரிடம், இசைக்கு நடுவே ஒரே ஒரு முறை சொல்லிக்கொள்ளுங்கள் என்பேன். ரிப்போர்ட்டுக்கு அழைத்தவர் அதற்குள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.